கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு

போன பங்குனி உத்திரத்துக்கு ஆச்சி சென்னையிலிருந்து வந்திருந்தாள். (எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் உடன்பிறந்த அக்காளைத்தான் ஆச்சி என்போம். வெளியூர் நண்பர்கள் யாரோ பாட்டியைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.) குன்றக்குடி போய்விட்டுக் கோட்டையூர் வீட்டுக்குத் திரும்பியவளின் கையில் ஒரு பச்சை பாட்டில். அதை வளவில் வெயில் விழும் இடத்தில் வைத்தபோது கிளி நிறத்தில், கண்ணாடி போலத் தெளிவாக, மின்னியது.

"கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய், விளக்கெண்ணெய். மூணும் போட்டுக் காய்ச்சினது. என் கண் முன்னாலதான் சட்டியில கிடந்துச்சு" என்றாள்.

ரோட்டோரக் கடையில் வாங்கியிருக்கிறாள். முழங்கால் வரை கூந்தல் தொங்கும் பெண்ணின் படம் போட்ட பேனர், அகலமான இரும்புச் சட்டி நிறைய எண்ணெய், அதில் மிதக்கும் இலைகளும் வேர்களும். கடைக்காரர் கரண்டியால் மொண்டு, புனல் வைத்து ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பாட்டிலில் ஒரு எழுத்து கிடையாது. 200 மில்லி, 150 ரூபாய். "அடுப்பு எரிஞ்சுதா ஆச்சி?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "எரியல. ஆனா எண்ணெய் இருந்துச்சே" என்றாள்.

ஆறிய எண்ணெயில் இலையெல்லாம் பச்சைப் பசேல் என்று மிதந்ததாகவும் சொன்னாள். எண்ணெயில் காய்ந்த இலை எப்படிப் பச்சையாக இருக்கும்? அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் புத்திக்கு ஒரு காரணம் உண்டு. நான் விருதுநகர்ப் பக்கம் ஒரு எண்ணெய் ஆலையின் தரச்சோதனை அறையில் 11 வருடம் உட்கார்ந்தவன். வீட்டுக்கு எந்த எண்ணெய் வந்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பேன். என் மனைவிக்கு இது பிடிக்காது.

ஆச்சி எண்ணெய் வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. கார்த்திகையில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல், பத்து நாள் படுக்கை. தை பிறந்ததும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. சீப்பில், தலையணையில், குளியலறைச் சல்லடையில், எங்கும் முடி. பெரிய காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, திடீரென்று எடை குறைவது, இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி இப்படிக் கொட்டும். காய்ச்சலின்போது வளர்ச்சியை நிறுத்திக்கொண்ட முடிகள் எல்லாம் ஒன்றாக உதிரும் நேரம் அது. வேர் சாகவில்லை. வேறு குறை இல்லாவிட்டால் சில மாதங்களில் தானாகவே நின்று, புது முடி முளைக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர்தான் வளரும் என்பதால், கண்ணாடியில் தெரிய இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கும்.

கூந்தல் எண்ணெய் வியாபாரம் செழிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் எண்ணெய் வாங்குவார். மூன்று மாதம் தேய்ப்பார். எதைத் தேய்த்திருந்தாலும், ஒன்றுமே தேய்க்காமல் இருந்திருந்தாலும், அந்த நேரத்துக்குக் கொட்டுவது குறைந்திருக்கும். பெயர் எண்ணெய்க்குப் போகும். ஆச்சியிடம் இதைச் சொன்னால், "அப்ப எதுக்கு நம்ம ஆயா அத்தனை காய்ச்சினாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதிலைப் பிறகு சொல்கிறேன்.

அவள் இரண்டு நாள் தேய்த்தாள். மூன்றாம் நாள் நெற்றி ஓரத்தில் சின்னச் சின்னப் பொரிகள், அரிப்பு. தேய்ப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு பாட்டிலை வாங்கிக்கொண்டேன். பொரிக்கு இந்த எண்ணெய்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பங்குனி வெயிலில் எந்தக் கெட்டி எண்ணெயைத் தடவினாலும் நெற்றியில் துளை அடைத்துப் பரு வரும். ஆனால் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், தோல் மருத்துவரிடம் போய் எதைக் காட்டுவது?

முதலில் எடை போட்டேன். சமையலறை டிஜிட்டல் தராசே போதும். ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில், வெறுமனே 34 கிராம். தண்ணீர் ஊற்றி, எடை 134 காட்டும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டேன். அதாவது அந்தக் கோடு வரை 100 மில்லி. தண்ணீரைக் கொட்டிப் பாட்டிலை நன்றாகக் காயவைத்து, அதே கோடு வரை எங்கள் ஊர்ச் செக்கு நல்லெண்ணெயை ஊற்றினால் எண்ணெய் மட்டும் 92 கிராம் வந்தது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி, எல்லாமே 91, 92 பக்கம்தான் நிற்கும். விளக்கெண்ணெய் மட்டும் கனம், 96. ஆச்சியின் பச்சை எண்ணெய் 86.

இதில்தான் விஷயம் இருக்கிறது. சமையலுக்கோ தலைக்கோ நாம் வழக்கமாகப் பிழியும் எந்த வித்து எண்ணெயும் 86-க்கு இறங்காது. 92-ம் 96-ம் கலந்தால் இரண்டுக்கும் நடுவில்தான் ஏதாவது வரும். 86-க்கு இழுக்க வேண்டுமானால் அதைவிட லேசான ஒன்று உள்ளே இருக்க வேண்டும். கைக்கெட்டும் விலையில், மணமில்லாமல், நிறமில்லாமல், எண்ணெய் போலவே இருக்கும் லேசான திரவம் என்றால் அது பெட்ரோலியத்திலிருந்து வரும் லிக்விட் பாரஃபின். அதில் பல ரகம் உண்டு, 100 மில்லி 82 கிராமிலிருந்து 89 வரை இருக்கும். எந்த ரகம் என்று தெரியாமல் பங்கைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. இருந்தாலும், மீதியெல்லாம் நல்லெண்ணெய் என்று வைத்து, கிடைக்கும் ரகத்திலேயே லேசானதைப் போட்டுக் கணக்குப் பார்த்தாலும் பாட்டிலில் பாதிக்கு மேல் பாரஃபின்தான்.

தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும். எண்ணெய் சூடாக இருந்தாலும் எடை குறையும். அதனால் எல்லாவற்றையும் ஒரே அறையில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு எடை போட வேண்டும். 91-க்கும் 92-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து யார்மீதும் பழி போடக் கூடாது. 86 வேறு கதை.

அடுத்தது விளக்கெண்ணெய் சோதனை. இதை ஆலையில் ஒரு பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்" என்று வீட்டில் சொல்வார்களே, அதை அவர் கொஞ்சம் மாற்றி, "எண்ணெயில விளக்கெண்ணெய் விட்டுப் பாரு" என்பார்.

விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களின் சாதியில் சேராது. அதில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம் என்ற ஒன்று. அந்த மூலக்கூற்றின் நடுவில் தண்ணீரிலும் சாராயத்திலும் இருப்பது போன்ற ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் அத்தனை பிசுபிசுப்பு, அத்தனை கனம். அதே காரணத்தால் அது எரிசாராயத்தில் கரையும், பெட்ரோலிய எண்ணெயோடு சேராது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இவற்றோடு நன்றாகக் கலந்துவிடும். பாரஃபினில் ஊற்றிக் குலுக்கினால் பால் போலக் கலங்கி, விட்டுவைத்தால் பிரிந்து அடியில் போய் உட்காரும்.

மருந்துக் கடையில், மருந்துத் தரம் என்பதற்கு அடையாளமாக ஐ.பி. என்று அச்சிட்ட விளக்கெண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்கினேன். அங்கேயே மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரஃபினும் ஒன்று. மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் செக்கு நல்லெண்ணெய், ஒன்றில் பாரஃபின், ஒன்றில் ஆச்சியின் பச்சை எண்ணெய், இரண்டிரண்டு ஸ்பூன். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் ஊற்றி, மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, முகப்புத் திண்ணையில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

வந்து பார்த்தால் நல்லெண்ணெய்க் குப்பி ஒரே மாதிரி தெளிவாக இருந்தது. பாரஃபின் குப்பியில் இரண்டு அடுக்கு, நடுவில் கோடு. பச்சைக் குப்பியிலும் இரண்டு அடுக்கு. மேலே பச்சை, கீழே கொழகொழவென்று வெளிறிய விளக்கெண்ணெய். ஆச்சி குப்பியைக் கையில் எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப இதுல விளக்கெண்ணெய் இருந்திருந்தா, முன்னாடியே பிரிஞ்சு கீழ நின்னிருக்குமே தம்பி" என்றாள் அவளே. அவ்வளவுதான். பெரும்பங்கு பாரஃபின் இருக்கும் ஒரு பாட்டில், சொல்லிக்கொள்ளும் அளவு விளக்கெண்ணெயும் வைத்துக்கொண்டு, கண்ணாடி போலத் தெளிவாகவும் இருக்க முடியாது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. பாரஃபினோடு வேறு வித்து எண்ணெயும் தாராளமாகக் கலந்திருந்தால், அது நடுவில் தரகர் வேலை பார்த்து இரண்டையும் சேர்த்து வைத்துவிடும். அப்போது குப்பி தெளிவாகவே நிற்கும். ஆக, பிரிந்தால் பாரஃபின் உறுதி என்று சொல்லலாம். பிரியாவிட்டால் சுத்தம் என்று சொல்ல முடியாது.

ஒரு நண்பர் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறார். மிச்ச சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள அவருடைய ஆய்வகத்துக்கு 10 மில்லி கொண்டுபோனேன். எண்ணெய்த் தொழிலில் ஹோல்டே சோதனை என்று ஒன்று உண்டு, நான் நூற்றுக்கணக்கில் செய்தது. சாராயத்தில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 25 மில்லி, அதில் ஒரு மில்லி எண்ணெய். தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கொதிக்கவிட்டால் வித்து எண்ணெய் முழுக்கச் சோப்பாக மாறிவிடும். அப்புறம் 25 மில்லி கொதிநீரைப் பக்கவாட்டில் மெதுவாக ஊற்ற வேண்டும். சோப்பு நீரில் கரையும், தெளிவாக இருக்கும். பாரஃபின் சோப்பாகாது, அதனால் கலங்கும். எங்கள் குழாய் மோர் போல வெளுத்துவிட்டது. இது வீட்டில் செய்யும் வேலை இல்லை. அந்தக் காரம் தோலைத் தின்றுவிடும், சாராய ஆவி தீப்பிடிக்கும்.

சரி, பாரஃபின் என்றால் விஷமா? இல்லை. மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்ததைக் குழந்தைகளுக்கே தடவுகிறோம். பெயர்பெற்ற நெல்லி எண்ணெய் பாட்டில்கள் பலவற்றைத் திருப்பிப் பாருங்கள், உட்பொருள் பட்டியலில் முதல் பெயரே மினரல் ஆயில் என்று இருக்கும், அதுவும் இதே பாரஃபின்தான். பட்டியல் அளவு இறங்குவரிசையில் எழுதப்படுவது, அதனால் முதல் பெயர்தான் பாட்டிலில் அதிகம். அவர்கள் அதைச் சொல்லி விற்கிறார்கள். என் கவலை வேறு. பெயரில்லாத பாட்டிலில் எந்தத் தரத்துப் பாரஃபின் போயிருக்கிறது? சரியாகச் சுத்திகரிக்காத மினரல் எண்ணெய்களை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. காரணம், அதில் தங்கிப்போகும் சில அரோமாட்டிக் சேர்மங்கள். மருந்துத் தரத்தில் அவற்றை நீக்கிவிடுவார்கள். இயந்திரத்துக்கு வாங்கும் மலிவு ரகத்தில் அந்த அக்கறை இருக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். என் தராசுக்கும் குப்பிக்கும் இந்த வித்தியாசம் தெரியாது, ஹோல்டே குழாய்க்கும் தெரியாது.

அதற்குத்தான் லேபிள். அழகு சாதனமாக விற்றால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம், உட்பொருள்கள் எல்லாம் அச்சிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. லேபிள் இருந்தால் எண்ணெய் நல்லது என்று அர்த்தமில்லை. ஏதாவது ஆனால் யாரைப் பிடிப்பது என்று தெரியும், அவ்வளவே. திருவிழா முடிந்ததும் சட்டியை மடக்கிக்கொண்டு அடுத்த ஊர் போகிறவரை எங்கே தேடுவது?

பச்சை நிறத்துக்கு வருகிறேன், அதில்தான் எனக்கு ருசி. கரிசலாங்கண்ணி இலையைக் காய்ச்சிய எண்ணெய் பச்சையாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை. இலையின் பச்சையம் எண்ணெயில் கரையும். ஆனால் கீரையை மூடிவைத்து வேகவிட்டால் என்ன ஆகிறது? பளிச்சென்ற பச்சை மங்கி, பழுப்பு கலந்த ஒரு பாசி நிறமாகிவிடும். மணிக்கணக்கில் சூட்டில் கிடக்கும் எண்ணெயிலும் அதேதான். ஒழுங்காகக் காய்ச்சிய கரிசாலைத் தைலம் குப்பியில் கறுப்பாகத் தெரியும், வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டால் கரும்பாசி நிறம் காட்டும். கிளிப்பச்சை காட்டினால் அது இலை இல்லை, சாயம்.

இன்னொரு வேடிக்கை. ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்று கடைகளில் கிடைக்கும். இருட்டறையில் அதை இலை எண்ணெய்மேல் அடித்தால் எண்ணெய் ரத்தச் சிவப்பாக ஒளிரும். பச்சையத்தின் குணம் அது. வெந்து பாசி நிறமான பிறகும் ஒளிரும். நான் காய்ச்சிவைத்திருந்த எண்ணெயில் அடித்தபோது இரண்டாம் கட்டு உள்ளறைச் சுவரே சிவந்த மாதிரி இருந்தது, ஆச்சியின் பேத்தி அரை மணி நேரம் டார்ச்சைக் கொடுக்கவே இல்லை. கடைப் பச்சையில் அடித்தோம். சிவப்பு துளிகூட இல்லை. ஆனால் சிவந்தால் ஏதோ ஓர் இலை உள்ளே போயிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். கருவேப்பிலையும் சிவக்கும், முருங்கைக்கீரையும் சிவக்கும். வெயிலில் மாதக்கணக்கில் வைத்த நல்ல எண்ணெயும் இந்தக் குணத்தை இழந்துவிடும்.

நெல்லிக்காய் விஷயத்தில் ஆச்சியிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். நெல்லியின் பெருமை எல்லாம் அதன் வைட்டமின் சி-யிலும் துவர்ப்புப் பொருட்களிலும் இருக்கிறது. இரண்டும் நீரில் கரைகிறவை, எண்ணெயில் கரையாதவை. நெல்லிச் சாற்றை எண்ணெயில் ஊற்றிக் காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், துவர்ப்பெல்லாம் கசடோடு அடியில் தங்கும், எண்ணெய்க்குள் வருவது மிகச் சொற்பம். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் கறுத்துப்போகிறதே என்பார்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், பழைய காலத்து மை அப்படித்தான் செய்தார்கள். அந்தக் கறுப்பு கசட்டில் இருக்கிறது. மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டிப் பாருங்கள், கீழே வருவது மஞ்சள் பழுப்பு எண்ணெய். அதைத் தலையில் தேய்த்து நரை கறுக்காது. நெல்லிக்காயைச் சாப்பிடுவதுதான் லாபம் என்பது என் கட்சி.

கரிசலாங்கண்ணிக்கு ஆதாரம் உண்டா? உண்டு, எலிகளில். இலைச் சாரத்தைத் தடவிய எலிகளின் தோலில் முடி சீக்கிரம் முளைத்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் மெத்தனால் போன்ற கரைப்பான்களில் எடுத்த சாரம். நல்லெண்ணெயில் காய்ச்சும்போது அதே பொருட்கள் அதே அளவு வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எலியின் முடிச் சுழற்சியும் நம்முடையதும் ஒன்றில்லை. விளக்கெண்ணெய்க்கு அதுவும் குறைவு. தேங்காய், விளக்கெண்ணெய், ஆர்கன் எண்ணெய் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2022-ல் வந்த ஒரு மதிப்பீடு, விளக்கெண்ணெயால் முடி மினுமினுப்பதற்கே வலுக்குறைந்த ஆதாரம்தான் இருக்கிறது, வளர்வதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று முடித்தது. புது முடியை எண்ணெய் முளைக்க வைக்காவிட்டாலும், முளைத்த முடி உடையாமல் காப்பாற்றும் வேலையைச் சில எண்ணெய்கள் செய்கின்றன. 2003-ல் வந்த ஓர் இந்திய ஆய்வில் தேங்காய் எண்ணெய் தடவிய முடி, கழுவும்போதும் சீவும்போதும் குறைவான புரதத்தையே இழந்தது. சூரியகாந்திக்கும் மினரல் எண்ணெய்க்கும் அந்தக் குணம் இல்லை. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, முடியின் தண்டுக்குள் புகும். பாரஃபின் மேலேயே நிற்கும், வழவழப்புத் தரும். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆயாவைப் பற்றி ஆச்சி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஆயா காய்ச்சியது முடி முளைக்க இல்லை. இந்தச் செம்மண் பூமியின் வறட்சியில், ஊருணித் தண்ணீரில் சீயக்காய் போட்டுத் தேய்த்த முடி நாராகிவிடும். அது சிக்கில்லாமல் வார வேண்டும், அவ்வளவுதான் அவருடைய எதிர்பார்ப்பு. அவர் விளக்கெண்ணெயைத் தனியாகத் தலையில் வைக்க விடமாட்டார். நாலு பங்கு நல்லெண்ணெய்க்கு அரைப் பங்கு, அதற்கு மேல் போனால், "தலை சடை விழுந்துரும்டி" என்பார். அது வெறும் பாட்டி பேச்சு இல்லை. 2017-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த நேர்வு ஒன்று உண்டு. 20 வயதுப் பெண், நீளமான கூந்தல், விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து தேய்த்துக் குளித்திருக்கிறார். குளித்து முடிக்கும்போது கூந்தல் மொத்தமும் குருவிக்கூடு போல ஒரே கட்டியாகத் திரண்டுவிட்டது. பிரிக்கவே முடியாமல் வெட்டித்தான் எடுத்தார்கள். அரிதாக நடப்பதுதான். இருந்தாலும் நீளமான முடிக்காரர்கள் விளக்கெண்ணெயை அப்பிக்கொண்டு ஷாம்பூ போட்டுச் சுருட்டித் தேய்க்கக் கூடாது.

பொடுகுக்கு எண்ணெய் வைப்பதும் அப்படித்தான். பொடுகுக்குத் துணைபோகும் மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெயைத் தின்று வாழ்வது. தலை செதில் செதிலாக உதிர்கிறவர் இரவெல்லாம் எண்ணெய் ஊற வைத்தால் அதற்கு விருந்து வைத்த மாதிரி.

விளக்கெண்ணெய் வாங்குவதிலேயே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. விளக்கெண்ணெய் என்பது ஆமணக்கு எண்ணெய், நமக்குத் தெரியும். ஆனால் கோயில் வாசலில் விளக்கு எண்ணெய், தீப எண்ணெய் என்று விற்பது வேறு. பல எண்ணெய்களின் கலவை, மணமும் நிறமும் சேர்த்தது, "விளக்கேற்ற மட்டும்" என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். சென்னையில் வளர்ந்த என் மருமகள் ஒருமுறை அதை வாங்கிக் குழந்தை தலையில் வைக்கப் பார்த்தாள். ஓர் இடைவெளிதான் வித்தியாசம், அவளைக் குறை சொல்ல முடியாது. தலைக்கு வேண்டுமானால் மருந்துக் கடையின் ஐ.பி. போதும், விலையும் ஒன்றும் பெரிதில்லை. கண்ணில் விடுவதைப் பழமொழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆச்சிக்காக அந்த வாரமே கரிசாலை எண்ணெய் காய்ச்சினேன். வெள்ளைப் பூ கரிசாலை, ஊருணிக் கரையில் ஈரத்தில் கிடக்கும். தண்டைக் கிள்ளிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால், கிள்ளிய இடம் கறுக்கும், விரலும் கறுக்கும், அதுதான் அடையாளம். மஞ்சள் பூவில் ஒன்று உண்டு, அது வேறு செடி. அழகுக்கு வளர்க்கும் மஞ்சள் பூக்கொடி ஒன்றையும் இந்தப் பெயரில் கட்டு கட்டாகத் தந்துவிடுகிறார்கள்.

மருத்துவ முறைத் தைலக் கணக்கு என்றால் ஒரு பங்கு அரைத்த விழுதுக்கு நாலு பங்கு எண்ணெய், பதினாறு பங்கு சாறு. அதாவது ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு நாலு லிட்டர் சாறும் கால் கிலோ விழுதும். ஒரு கிலோ கீரையை இடித்துக் கொஞ்சம் நீர் தெளித்துப் பிழிந்தால் எனக்கு அரை லிட்டர்கூட வரவில்லை. அப்படியானால் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எட்டு ஒன்பது கிலோ கீரை, அதை ஆய்ந்து அலசி இடிக்க ஆள், அரை நாள் அடுப்பு. அதை 200 மில்லி 150 ரூபாய்க்குக் கொடுத்து, வாடகை கட்டி, பேனரும் போட முடியுமா? நான் அத்தனைக்குப் போகவில்லை. அரை லிட்டர் நல்லெண்ணெய், அரை லிட்டர் சாறு, ஒரு கைப்பிடி விழுது. பாதித் தைலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிகனமான பித்தளை உருளியில், சிறு தீயில், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் விழுது கருகி எண்ணெய் தீய்ந்த வாடை அடிக்கும். அவசரப்பட்டு இறக்கினால் தண்ணீர் தங்கி, பத்து நாளில் புளித்த வாடையும் அடியில் பூசணமும் வரும். பதம் பார்க்க அடிக் கசட்டைக் கொஞ்சம் எடுத்து விரலில் உருட்ட வேண்டும். மெழுகு போலத் திரியாகத் திரண்டால் பாதி சரி. அந்தத் திரியைக் கொளுத்தினால் சடசடவென்று வெடிக்காமல் அமைதியாக எரிய வேண்டும். வெடித்தால் இன்னும் நீர் இருக்கிறது. எனக்கு முதல் தடவை வெடித்தது, இருபது நிமிடம் கழித்து இரண்டாவது தடவை எரிந்தது. ஆறவைத்து, வடித்து, துளி ஈரமில்லாத பீங்கான் ஜாடியில் ஊற்றினேன்.

ஆச்சி ஜாடியை முகர்ந்துவிட்டு, "வாசனையே இல்லையே" என்றாள். கீரை வாசனையும் நல்லெண்ணெய் வாசனையும் இருந்தது. அவள் எதிர்பார்த்தது மல்லிகை. சென்னைக்குப் போய் முதலில் ரத்தத்தில் இரும்புச் சத்து இருப்பையும் தைராய்டையும் பார்த்துவிட வேண்டும், எண்ணெய் பிறகு என்று சொல்லி அனுப்பினேன். தைராய்டு சரியாக இருந்தது. இரும்பு குறைவு, மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். நெற்றிப் பொரி ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. ஆடியில் முடி கொட்டுவது நன்றாகக் குறைந்ததாகப் போன் செய்து, "உன் எண்ணெய் கேக்குதுடா" என்றாள். காய்ச்சல் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாத்திரையும் நாலு மாதமாகப் போய்க்கொண்டிருந்தது. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

பச்சை பாட்டில் இங்கேயே கிடந்தது. எங்கள் வீட்டு முகப்புக் கதவு பர்மாத் தேக்கு, அப்பச்சி காலத்திலிருந்தே கீல் கிறீச்சிடும். நல்லெண்ணெய் விட்டால் நாள்பட்டுப் பிசினாகி இறுகிவிடும். பாரஃபின் இறுகாது. மேல் கீலுக்கு நாலு சொட்டு, கீழ்க் கீலுக்கு நாலு, பூட்டுக்கு இரண்டு விட்டேன். இப்போது கதவு திறக்கும் சத்தம் கேட்பதில்லை. வாசலில் யார் வந்து நின்றாலும் தெரிவதில்லை என்று மனைவி குறைப்பட்டுக்கொள்கிறாள்.